YALINI-யை YAZHINI ஆக்கத் தலைமை ஆசிரியருக்கு எழுத வேண்டிய கடிதம்

கேள்வி: என் மகள் யாழினி அரசு உதவி பெறும் பள்ளியில் 8ஆம் வகுப்பு படிக்கிறாள். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் YAZHINI என்று இருக்கிறது. பள்ளியில் YALINI என்று ஏற்றியிருக்கிறார்கள். 6ஆம் வகுப்பில்தான் இங்கே சேர்த்தோம். தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொண்டு வாருங்கள் என்கிறார் வகுப்பாசிரியை. எப்படி எழுத வேண்டும், எதையெல்லாம் இணைக்க வேண்டும்?

பதில்:

பேனாவை எடுக்கும் முன் ஒரு சின்ன வேலை இருக்கிறது. 5ஆம் வகுப்பு முடிந்ததும் பழைய பள்ளியில் கொடுத்த மாற்றுச் சான்றிதழின் நகல் வீட்டில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அசலை இந்தப் பள்ளியில் வாங்கி வைத்திருப்பார்கள். நகல் இல்லாவிட்டால் அலுவலகத்தில் கேட்டு அதை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் கடிதத்தில் என்ன எழுத வேண்டும் என்பது அந்தத் தாளில் பெயர் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஏனென்றால், 6ஆம் வகுப்பில் சேர்க்கும் பள்ளி பிறப்புச் சான்றிதழைப் பார்த்துப் பெயர் எழுதுவதில்லை. டி.சி.யைப் பார்த்துத்தான் எழுதும். டி.சி.யில் YALINI என்று இருந்து, அதை அப்படியே சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றியிருந்தால், இந்தத் தலைமை ஆசிரியரின் பார்வையில் அவர் பள்ளியில் பிழையே நடக்கவில்லை. “எனக்கு வந்த டி.சி.யில் இப்படித்தானே இருக்கிறது, பழைய பள்ளியில் போய்த் திருத்தி வாங்கி வாருங்கள்” என்பார். அவர் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. பள்ளி அலுவலகத்தில் நான் இருந்த காலத்தில் இதே பதிலைச் சொல்லி எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஆனால் உங்கள் மகள் வயதுப் பிள்ளைகள் விஷயத்தில் பெரும்பாலும் நடப்பது வேறு. தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் சேர்க்கைப் பதிவேட்டிலும் டி.சி.யிலும் பெயரைத் தமிழில் மட்டும்தான் எழுதியிருப்பார்கள். ‘யாழினி’ என்று பிழையில்லாமல் இருக்கும். பிறகு பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பிள்ளைகளின் விவரங்களை ஏற்ற வேண்டி வந்தபோது ஆங்கிலத்திலும் பெயர் கேட்டது. வகுப்பாசிரியர் ஒரே மாலையில் நாற்பது பிள்ளைகளுக்கு, கைபேசியில், பிறப்புச் சான்றிதழ் எதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல், தன் காதுக்குப் பட்டபடி தட்டியிருப்பார். ‘ழ’ வரும் இடத்தில் ஒருவர் ZH போடுவார், ஒருவர் L போடுவார். பள்ளி மாறும்போது பழைய பள்ளி அந்தப் பிள்ளையின் எமிஸ் பதிவைப் பொதுத் தொகுப்புக்கு விடும், புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். பெயரை யாரும் திரும்பத் தட்டுவதில்லை. அதனால் அன்று மாலை தட்டிய YALINI, பிள்ளையோடு சேர்ந்து வகுப்பு வகுப்பாக ஏறி வரும்.

ஆகவே மூன்று இடங்களைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்: டி.சி., இந்தப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, எமிஸ். மூன்றிலும் தமிழில் எப்படி, ஆங்கிலத்தில் எப்படி என்று எழுத்து எழுத்தாகக் குறியுங்கள். தமிழையும் பாருங்கள் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலப் பிழை கண்ணில் பட்டதும் எல்லோரும் அதையே பிடித்துக்கொள்வார்கள். அதே பதிவேட்டில் ‘யாளினி’ என்றோ ‘யாழிணி’ என்றோ இருப்பதை அப்போது யாரும் கவனிப்பதில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் பெயர் இரண்டு மொழியிலும் அச்சாகிறது. ஆங்கிலத்தைத் திருத்திவிட்டு இரண்டு வருடம் கழித்துத் தமிழுக்காக இன்னொரு கடிதம் எழுதுவது வீண் அலைச்சல். முதலெழுத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

இனி கடிதம். இதைக் குறையைச் சொல்லி முறையிடும் கடிதமாக நினைத்துத்தான் பலர் எழுதுகிறார்கள். “எத்தனையோ முறை சொல்லியும்”, “அலட்சியத்தால்” என்றெல்லாம் அதில் வந்துவிடும். அலுவலகத்தில் இந்தக் கடிதத்துக்கு இருக்கும் வேலையே வேறு. சேர்க்கைப் பதிவேடு நிரந்தரமாக வைத்திருக்க வேண்டிய ஆவணம். அதில் ஒரு எழுத்தை அடித்தாலும் நாளைக்குத் தணிக்கைக்கு வருபவர், “யார் சொல்லி, எதைப் பார்த்து அடித்தீர்கள்?” என்று கேட்பார். அப்போது தலைமை ஆசிரியர் எடுத்துக் காட்டப்போவது உங்கள் கடிதத்தைத்தான். அதனால், அவர் கையெழுத்துப் போடும்போது மனதில் எழக்கூடிய கேள்விகளுக்கு அந்த ஒரே தாளில் பதில் இருக்க வேண்டும். இப்போது என்ன இருக்கிறது, என்னவாக இருக்க வேண்டும், எந்த ஆவணத்தின் அடிப்படையில், எந்தெந்தப் பதிவுகளில் என்பவைதான் அந்தக் கேள்விகள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘பெயர் மாற்றம்’ என்ற சொல் உங்கள் கடிதத்தில் எங்கும் வரக்கூடாது. உங்களுக்கு அது சாதாரணச் சொல். அலுவலகத்தில் அது வேறு கதவு. ‘யாழினி’யை ‘யாழ்மொழி’ ஆக்குவதும், எண்கணிதம் பார்த்து YAZHINII என்று இன்னொரு I சேர்ப்பதும் பெயர் மாற்றம். அதற்கு அரசிதழில் வெளியிட வேண்டும், அதன் பிறகுதான் பள்ளிப் பதிவுக்கு வர முடியும். பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரைப் பள்ளிப் பதிவு தவறாகப் பிரதி எடுத்திருப்பது எழுத்துப் பிழை. அதைச் சான்றோடு ஒப்பிட்டுத் திருத்தலாம். நான் அறிந்த ஒரு தகப்பனார் “மகன் பெயரை மாற்றித் தருமாறு” என்று தொடங்கி எழுதிக் கொடுத்தார். புதிதாக வந்த எழுத்தர் முதல் வரியைப் படித்துவிட்டு, “கெசட்டில் போட்டுக்கொண்டு வாருங்கள்” என்று அனுப்பிவிட்டார். அந்த மனிதர் அதற்கான விண்ணப்பம், விளம்பரம் என்று நாலு மாதம் அலைந்தார். பையன் பெயரில் விட்டுப்போனது ஒரே ஒரு H.

உங்களுக்கான கடிதத்தை இப்படி எழுதலாம். டி.சி.யில் தமிழில் மட்டும், சரியாகப் பெயர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அனுப்புநர்:
(உங்கள் பெயர்),
(வீட்டு முகவரி, கைபேசி எண்)

பெறுநர்:
தலைமை ஆசிரியர் அவர்கள்,
(பள்ளியின் பெயர், ஊர்)

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

பொருள்: 8ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி க. யாழினி – பள்ளிப் பதிவுகளில் ஆங்கிலப் பெயரில் உள்ள எழுத்துப் பிழையைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

வணக்கம். என் மகள் க. யாழினி (சேர்க்கை எண் ……, எமிஸ் எண் ……, பிறந்த தேதி ……) தங்கள் பள்ளியில் 8ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் படித்து வருகிறாள்.

அவளுடைய பெயர் பிறப்புச் சான்றிதழில் (பதிவு எண் ……, பதிவு செய்த நாள் ……) தமிழில் ‘யாழினி’ என்றும் ஆங்கிலத்தில் YAZHINI என்றும் உள்ளது. ஆதார் அட்டையிலும் ஆங்கிலத்தில் YAZHINI என்றே உள்ளது. தொடக்கப் பள்ளி வழங்கிய மாற்றுச் சான்றிதழில் தமிழில் ‘யாழினி’ என உள்ளது. ஆங்கிலத்தில் பெயர் எழுதப்படவில்லை.

தங்கள் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டிலும் எமிஸ் தளத்திலும் ஆங்கிலப் பெயர் YALINI எனப் பதிவாகியுள்ளது. இதில் A-க்கு அடுத்து ZH என்ற இரண்டு எழுத்துகள் வர வேண்டிய இடத்தில் L என்ற ஓர் எழுத்து உள்ளது. தமிழ்ப் பெயரிலும், முதலெழுத்திலும், பிறந்த தேதியிலும் திருத்தம் எதுவும் கோரவில்லை.

தற்போது உள்ளது: YALINI
இருக்க வேண்டியது: YAZHINI

எனவே, இணைத்துள்ள பிறப்புச் சான்றிதழின் அடிப்படையில் சேர்க்கைப் பதிவேடு, எமிஸ், யூடைஸ் பிளஸ் ஆகிய பதிவுகளில் மேற்கண்ட எழுத்துப் பிழையைத் திருத்தித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சரிபார்ப்பதற்காக அசல் ஆவணங்களை நேரில் கொண்டு வந்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம், பெயர், மாணவிக்கு என்ன உறவு)

இடம்:
நாள்:

இணைப்பு: 1. பிறப்புச் சான்றிதழ் நகல். 2. மாணவியின் ஆதார் நகல். 3. மாற்றுச் சான்றிதழ் நகல். 4. பிழையுள்ள பெயர் தெரியும் முன்னேற்ற அறிக்கையின் நகல்.

கடிதம் இவ்வளவுதான். ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும், அடங்கவும் வேண்டும். பெயர் இரண்டையும் தனி வரியில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொல்வது அழகுக்காக இல்லை. எமிஸில் தட்டுபவர் அந்த இரண்டு வரியைப் பார்த்துத்தான் தட்டுவார். பத்திக்குள் புதைத்து எழுதினால், திருத்தும்போதே YAZINI என்று புதிதாக ஒரு பிழை வர இடம் கொடுக்கிறீர்கள். கையால் எழுதினால் ஆங்கிலப் பெயரைப் பெரிய எழுத்துகளில், ஒட்டாமல் எழுதுங்கள். Z-யும் 2-உம் ஒன்றுபோல் தெரியும் கையெழுத்து சிலருக்கு உண்டு.

“தமிழ்ப் பெயரிலும் பிறந்த தேதியிலும் திருத்தம் கோரவில்லை” என்ற வரியை எடுத்துவிடாதீர்கள். பிறந்த தேதித் திருத்தம் என்றாலே தலைமை ஆசிரியர்கள் பின்வாங்குவார்கள். அது அவர்கள் அளவில் முடிகிற காரியம் இல்லை. பெயர்த் திருத்தம் கேட்டு வருகிறவர்களில் சிலர் பேச்சோடு பேச்சாகத் தேதியையும் கேட்பதுண்டு. உங்கள் கடிதத்தில் அது இல்லை என்று முதல் வாசிப்பிலேயே தெரிந்துவிட்டால், தாள் மேசையில் தங்காமல் நகரும்.

‘ழ’வுக்கு ZH தான் சரி, L தவறு என்று கடிதத்தில் இலக்கணம் பேச வேண்டாம். தமிழ்ப் பெயருக்கு ஆங்கிலத்தில் ‘சரியான’ எழுத்துக்கோவை என்று எதுவும் கிடையாது. YALINI என்று பிறப்புச் சான்றிதழிலேயே எழுதிக்கொண்ட யாழினிகளும் இருக்கிறார்கள், அவர்களுக்கு அதுதான் சரி. உங்கள் மகளுக்கு YAZHINI சரி என்பதற்கு ஒரே காரணம், அவளுடைய பிறப்புப் பதிவில் அப்படி இருப்பது. இதே காரணத்தால்தான் ஆதாரை முதல் சான்றாகக் காட்டாமல் பிறப்புச் சான்றிதழைக் காட்டச் சொல்கிறேன். ஆதார் இன்னொரு ஆவணத்தைப் பார்த்து எழுதியது. அதிலும் தமிழில் வரும் பெயரைப் பல நேரம் கணினியே ஆங்கிலத்திலிருந்து பெயர்த்துப் போட்டிருக்கும். சில அட்டைகளில் நல்ல தமிழ்ப் பெயர்கள் ‘ஜ்ஹ’ எல்லாம் சேர்ந்து கிடப்பதைப் பார்த்தால் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். உங்கள் மகளின் அட்டையில் தமிழ் அப்படி இருந்தால், ஆங்கிலத்தைப் பற்றி மட்டும் கடிதத்தில் சொன்னால் போதும்.

ஆதாரை இணைப்பது வேறு ஒரு காரணத்துக்காக. மத்திய அரசின் யூடைஸ் பிளஸ் தளத்தில் பிள்ளையின் பெயரை ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பெயர் ஒத்துப்போகாவிட்டால், மாணவருக்கான தனி அடையாள எண்ணான ‘அபார்’ உருவாகாது. உங்கள் வகுப்பாசிரியை இப்போது கடிதம் கேட்பதற்கும் அநேகமாக இதுவே காரணமாக இருக்கலாம். பட்டியலில் உங்கள் மகள் பெயருக்கு எதிரே ‘பொருந்தவில்லை’ என்று வந்து நின்றிருக்கும். அதனால் அவரும் இந்தத் திருத்தம் முடிய வேண்டும் என்றுதான் நினைப்பார். அவரிடமே கடிதத்தைக் காட்டி, வகுப்பு, பிரிவு, எமிஸ் எண் எல்லாம் சரியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எமிஸ் எண்ணில் ஓர் இலக்கம் விட்டுப்போனாலும் தேட முடியாது.

டி.சி.யிலேயே ஆங்கிலத்தில் YALINI என்று இருந்தால் கடிதம் இரண்டாகும். முதல் கடிதம் பழைய பள்ளிக்கு. அங்கே கேட்க வேண்டியது, அவர்களுடைய சேர்க்கைப் பதிவேட்டைப் பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டுத் திருத்தி, அதைத் தெரிவிக்கும் ஒரு கடிதத்தையோ திருத்திய டி.சி.யையோ தர வேண்டும் என்பது. 1ஆம் வகுப்பில் சேர்க்கும்போது நீங்கள் பூர்த்தி செய்து கொடுத்த விண்ணப்பமும், அதோடு வைத்த பிறப்புச் சான்றிதழ் நகலும் அங்கேதான் இருக்கும். அந்த விண்ணப்பத்தில் YAZHINI என்று இருந்தால் வேலை எளிது. அதில் நீங்களே YALINI என்று எழுதியிருந்தால் கொஞ்சம் சங்கடம்தான், ஆனாலும் பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கும்வரை திருத்தம் கேட்கலாம். “பெற்றோர் விண்ணப்பத்தில் கவனக்குறைவாக எழுதியது” என்று ஒரு வரி ஒப்புக்கொண்டு எழுதிவிடுங்கள். மறைத்து எழுதினால், அந்த விண்ணப்பம் வெளியே வரும் நாளில் உங்கள் கடிதத்தின் மற்ற வரிகளையும் சந்தேகப்படுவார்கள். பழைய பள்ளி மூடப்பட்டிருந்தால் அந்தப் பகுதிக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். மூடிய பள்ளியின் பதிவேடுகள் எங்கே போயின என்பதை அங்கே சொல்வார்கள்.

பிறப்புச் சான்றிதழிலேயே பிழை என்றால் பள்ளிக்குப் போய்ப் பயனில்லை. அதைப் பிறப்பு–இறப்புப் பதிவாளரிடம்தான் திருத்த வேண்டும், 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒன்று சொல்லிவைக்கிறேன். “பள்ளியில் YALINI என்றுதானே இருக்கிறது, ஆதாரை அதற்குத் தக்கபடி மாற்றிவிடுங்கள், சுலபம்” என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். பள்ளிக்காக ஒன்றைச் செலவழித்தால், அப்புறம் பிறப்புச் சான்றிதழோடு ஆதார் ஒத்துப்போகாது. கடவுச்சீட்டு எடுக்கும்போது மறுபடியும் அதை மாற்ற வேண்டி வரும்.

கடிதத்தைக் கொடுக்கும் விதம் பற்றிக் கொஞ்சம். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றொன்றில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தேதியும் பள்ளி முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். “ஞாபகத்துக்கு ஒரு சீல் போட்டுக் கொடுங்க சார்” என்றால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மகளிடம் கொடுத்து அனுப்பாதீர்கள். பிள்ளையின் பையில் போன கடிதங்கள் மேசைக்குப் போய்ச் சேராமல் நோட்டுக்குள்ளேயே மடிந்து கிடந்ததை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மேலும் அசல் பிறப்புச் சான்றிதழைத் தலைமை ஆசிரியர் கண்ணால் பார்த்தால்தான் நகலில் ‘அசலுடன் ஒப்பிடப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட முடியும். அசலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். பொதுத் தேர்வு நாட்களும் மாணவர் சேர்க்கை நாட்களும் இதற்குத் தோதில்லை. காலாண்டு விடுமுறை முடிந்த வாரம் மாதிரி ஓர் அமைதியான நாளின் பிற்பகலில் போங்கள்.

திருத்தம் நடந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? “பண்ணியாச்சும்மா” என்ற சொல்லோடு திரும்பி வந்துவிடாதீர்கள். சேர்க்கைப் பதிவேட்டில் பழைய YALINI மேல் ஒரே ஒரு கோடு போட்டிருக்க வேண்டும், கீழே என்ன இருந்தது என்று படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சிவப்பு மையில் YAZHINI, அதன் அருகில் தலைமை ஆசிரியரின் சுருக்கொப்பமும் தேதியும் இருக்க வேண்டும். குறிப்புப் பத்தியில் உங்கள் கடிதத்தின் தேதியும் பிறப்புச் சான்றிதழின் எண்ணும் வர வேண்டும். வெள்ளை மை தடவி அதன்மேல் எழுதியிருந்தாலோ, கையொப்பம் இல்லாமல் இருந்தாலோ, அது பிற்காலத்தில் உங்கள் மகளுக்கு எதிராகத்தான் பேசும். நாளைக்கு யாராவது அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்கும்போது, திருத்தம் எப்போது, யாரால் நடந்தது என்று சொல்ல வழியிருக்காது. அப்படி இருந்தால் பணிவாகச் சொல்லி, அருகில் சான்றொப்பம் போட்டுத் தரக் கேளுங்கள்.

எமிஸ் திருத்தம் தனி வேலை. பதிவேட்டில் திருத்தினால் தளத்தில் தானாக மாறாது, தளத்தில் மாற்றினால் பதிவேடு மாறாது. பாதித் திருத்தத்தோடு நிற்கும் பிள்ளைகள்தான் அதிகம், உங்கள் மகளும் அப்படி நின்றுவிடக்கூடாது. சில விவரங்களைப் பள்ளியின் உள்நுழைவிலேயே மாற்ற முடியும், சில பூட்டியிருக்கும். பூட்டியிருந்தால் பள்ளி மேலே வட்டார அல்லது மாவட்ட அளவில் எமிஸ் பார்ப்பவருக்கு எழுத வேண்டும். அப்போது அவர்கள் அனுப்புவதும் உங்கள் கடிதத்தின் நகலையும் பிறப்புச் சான்றிதழையும்தான். திருத்தியதும் எமிஸில் உள்ள மாணவியின் விவரப் பக்கத்தைத் திரையில் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

இதற்கெல்லாம் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. இரண்டு வாரம் கழித்துப் போய், வங்கிக் கணக்குக்கு வேண்டும் என்றோ வேறு தேவைக்கு என்றோ சொல்லி, ஒரு படிப்புச் சான்றிதழ் கேளுங்கள். அதைப் பள்ளியின் பதிவைப் பார்த்துத்தான் எழுதித் தருவார்கள். அதில் YAZHINI என்று வந்தால் திருத்தம் நிலைத்துவிட்டது. YALINI என்று வந்தால் எங்கே நின்றது என்று அங்கேயே கேட்டுவிடலாம். அந்தச் சான்றிதழை பத்திரமாக வையுங்கள், பள்ளியே கையெழுத்திட்டுக் கொடுத்த சான்று அது.

ஒரு மாதம் ஆகியும் அசைவில்லை என்றால், முதல் கடிதத்தின் முத்திரைப் பிரதியை இணைத்து நினைவூட்டுக் கடிதம் கொடுங்கள். நான்கு வரி போதும். அதற்கும் பதில் இல்லாவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதலாம், அதிலும் கோபம் வேண்டாம். “இன்ன தேதியில் கொடுத்த கடிதத்தின் மீது நடவடிக்கை கோருதல்” என்று பொருள் வரி எழுதி நகல்களை வைத்தால் அது கோப்பாகிவிடும். என் அனுபவத்தில் அதுவரை போக வேண்டி வந்தவர்கள் மிகக் குறைவு. போனவர்களில் பாதிப் பேரிடம் முதல் கடிதத்தைக் கொடுத்ததற்கே அடையாளம் இல்லை.

8ஆம் வகுப்பிலேயே கவனித்தது நல்ல காலம். 10ஆம் வகுப்பில் தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் எமிஸில் உள்ள விவரங்களிலிருந்து உருவாகி அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போகிறது. அது போன பிறகு, மதிப்பெண் சான்றிதழில் YALINI என்று அச்சாகிவிட்டால், தலைமை ஆசிரியர் சிவப்பு மையில் திருத்தித் தர முடியாது. அசல் சான்றிதழ், சேர்க்கைப் பதிவேட்டின் நகல், பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் வைத்துப் பள்ளி வழியாக இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளை அதற்குள் 11ஆம் வகுப்புச் சேர்க்கைக்கு அதே சான்றிதழை வைத்துக்கொண்டு நின்றிருப்பாள். அப்போதும் இன்றைக்குத் திருத்தி வைக்கும் சேர்க்கைப் பதிவேட்டைத்தான் முதலில் கேட்பார்கள்.

அந்தப் பட்டியல் தயாராகும் முன் ஓர் உறுதிமொழிப் படிவம் வீட்டுக்கு வரும். பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும், பெற்றோர் பெயர், பிறந்த தேதி எல்லாம் இருக்கும், கீழே மாணவியும் பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும். இரவு சாப்பிட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிற தாள் அது. பிறகு “நீங்கள்தானே சரி என்று கையெழுத்துப் போட்டீர்கள்” என்று காட்டப்படுவதும் அதே தாள்தான். அன்றைக்குப் பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, A-க்கு அடுத்து Z, அதற்கடுத்து H என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறங்கள்.